நெற்றியில் வைத்த கவை இடது காதில் கேட்டது

இரண்டாவது குழந்தை பிறந்த சில மாதங்களில் இடது காது மந்தமானது. போனை அந்தப் பக்கம் வைத்தால் எதிர்முனைக் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். ஆனால் முறுக்கு கடித்தால் அந்தச் சத்தம் மண்டைக்குள் இடிபோல ஒலிக்கும், பக்கத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. காது கேட்கும் கருவி விற்கும் கடை ஒன்றில் பார்த்துவிட்டு, “நரம்பு தளர்ந்துவிட்டது, இனி மெஷின்தான்” என்றார்கள். எனக்கு அப்போது 33 வயது. அன்றிரவு நான் தூங்கவே இல்லை.

அதற்கு மறுவாரம்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தவர், செவிப்பறை நன்றாக இருக்கிறது, அழுக்கோ சீழோ இல்லை என்றார். அப்புறம் மேசையிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்தார். தண்டில் 512 என்று பொறித்திருந்தது. நொடிக்கு அத்தனை முறை அதிரும் கவை. முழங்கையில் தட்டி, அதன் அடியை என் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். பிறகு அதிரும் நுனியைக் காதுத் துளைக்கு முன்னால் பிடித்தார். “எதும்மா சத்தமா கேக்குது, பின்னாலயா முன்னாலயா?”

பின்னால்தான். முன்னால் மிகவும் மெலிதாக இருந்தது. வலது காதில் அதையே செய்தபோது தலைகீழாக, முன்னால் பிடித்ததுதான் பலமாகக் கேட்டது. இதுதான் ரின்னே சோதனை. நல்ல காதிலும், நரம்பு பாதித்து ஓரளவு கேட்கிற காதிலும் முன்னால்தான் பலமாகக் கேட்க வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் செவிப்பறையும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளும் இருக்கின்றன. செவிப்பறையில் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப்போல ஏறத்தாழ 17 மடங்கு. பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் கூடுகிறது; எலும்புகளின் நெம்புகோல் அமைப்பும் அதற்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. இந்தப் பாதை அடைபட்டால் காற்றுவழி ஒலி குறையும். மண்டையெலும்பு வழியாகப் போகும் அதிர்வு இந்தப் பாதையைத் தாண்டி நேரே உள்காதுக்குப் போய்விடும். அதனால்தான் எனக்குப் பின்னால் பலமாகக் கேட்டது.

அடுத்து கவையை நெற்றி நடுவில் வைத்தார். கேட்காத இடது காதில்தான் ஒலித்தது! நான் தவறாகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். அவர் சிரித்துக்கொண்டே, “ஒரு காதை விரலால அடைச்சுட்டு ‘ம்ம்ம்’னு முனகிப் பாருங்க” என்றார். அடைத்த பக்கம்தான் பலமாகக் கேட்டது. இந்த வெபர் சோதனையில், ஒலி கடத்துவதில் குறை இருந்தால் சத்தம் கெட்ட காதுக்குப் போகும். நரம்பில் குறை இருந்தால் நல்ல காதுக்குப் போகும்.

ரின்னேயை மட்டும் நம்பினால் ஏமாறலாம் என்றும் விளக்கினார். இடது காது முழுக்கச் செத்திருந்தாலும் பின்னால் வைத்த கவையின் அதிர்வு எலும்பு வழியாக வலது காதுக்குப் போய்விடும். நோயாளி “பின்னால்தான் கேட்கிறது” என்பார். ஆனால் அப்போது வெபர் வலது பக்கம் போயிருக்கும். எனக்கு இரண்டும் ஒரே கதையைச் சொன்னதால்தான் அவர் உறுதியாகப் பேசினார். எவ்வளவு குறை என்பதைக் கவை சொல்லாது என்பதால் ஆடியோகிராம் எடுத்தோம். இடது காதுக்குக் கேட்கக் காற்றுவழி 50 டெசிபெல் தேவைப்பட்டது, எலும்புவழி 15 போதும். நடுவில் 35 இடைவெளி. அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்றார். என் அம்மாவுக்கும் இளவயதிலேயே காது மந்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கருவி வைத்தாலும் நன்றாகக் கேட்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அறுவை செய்தும் சரிப்படுத்தலாம், ஆனால் அதில் நூற்றில் ஒருவருக்கு உள்காது முழுதாகப் போய்விடும் ஆபத்து உண்டு என்றும் சொன்னார். இரண்டு மாதம் யோசித்தபின் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். அங்கவடியின் அடித்தட்டில் நுண்துளை இட்டு, அதிர்வை உள்காதுக்குக் கடத்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பருமனுள்ள பிஸ்டனைப் பொருத்தினார்கள்.

அன்று மாலையே காதுக்குள் பஞ்சு அடைத்திருந்த நிலையில் அதே கவையை என் நெற்றியில் வைத்தார். “எந்தப் பக்கம்?” இடது என்றேன். அவர் முகம் தெளிந்தது. வலது என்று சொல்லியிருந்தால் உள்காது அடிபட்டிருக்கலாம் என்று பொருள்.

ஆறு வாரம் கழித்து இடது காதில் மறுபடி ரின்னே. முன்னால்தான் பலமாகக் கேட்டது.