பூவுக்கு என்ன விலை?

ஆகஸ்ட் 18, கிருஷ்ணகிரி

தங்கச்சி மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஆந்திராவிலுள்ள குப்பம் ஊருக்குப் போய் வந்தோம். எல்லை தாண்டினால் தெலுங்கு என்று தெரியும், ஆனாலும் தமிழிலேயே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கோயிலருகே பூ விற்ற அம்மாவிடம் தங்கச்சி, "பூக்கு என்ன விலைம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மா கையிலிருந்த சரத்தைக் கூடையில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கடைப் பையன்கள் சிரித்தார்கள். தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான்.

ஆகஸ்ட் 19

பக்கத்து வீட்டு அத்தைக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. அவரிடம் சொன்னதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் தெலுங்கில் 'பூக்கு' போலத்தான் ஒலிக்கும்.

தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனிக் 'க' வந்தால் 'பகல்' போல மெலிந்துவிடும். தெலுங்கில் அது மெலியாது, வல்லினமாகவே நிற்கும். அவர்களுடைய ஒற்றைக் 'க' நம் காதுக்கு 'க்க' மாதிரி கேட்கிறது. நம் 'க்க' அவர்கள் காதில் அந்தச் சொல்லாக விழுகிறது. தெலுங்கிலும் 'க்க' உண்டு என்பதால், நிதானமாகச் சொன்னால் வேறுபாடு தெரியக்கூடும். சந்தை வேகத்தில், அதுவும் 'பூ' என்ற நெடிலுக்குப் பிறகு, அழுத்தம் கரைந்துவிடுகிறது.

'பூவுக்கு' என்று முழுதாகச் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. பேச்சில் நாம் விழுங்கிய அந்த 'வு'தான் காரணம்.

ஆகஸ்ட் 21

அத்தை இன்று இன்னொன்று சொன்னார், அதுதான் மனதைத் தொட்டது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மார்க்கெட்டில் "பூலு எந்த?" என்று கேட்டாராம். 'பூக்கள் எவ்வளவு?' என்பதற்குச் சரியான தெலுங்கு அது. தமிழ்க் காதுக்கோ ஆணுறுப்பின் கெட்ட பெயர். கடைக்காரர் சத்தம் போட்டதில் அழுதுகொண்டே வீடு திரும்பியிருக்கிறார். ஏன் திட்டினார்கள் என்று மாமியார்கூடச் சொல்லவில்லையாம். சொல்லக் கூசும் சொல் என்பதால் யாரும் விளக்குவதில்லை, புதிதாக வருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரே பூ. நம் வேற்றுமை உருபு அங்கே கெட்ட வார்த்தை, அவர்களுடைய பன்மை இங்கே கெட்ட வார்த்தை.

ஆகஸ்ட் 24

மீதி சாமான் வாங்க மறுபடி குப்பம். அத்தை சொல்லிக்கொடுத்தபடி தங்கச்சி "புவ்வுலு எந்தம்மா?" என்று கேட்டாள். அதுவும் தெலுங்கில் பூவின் பன்மைதான், ஆனால் 'பு' குறில், நடுவே 'வ்வு' அழுத்தமாக வருகிறது. இரு மொழிக்காரர் காதுக்கும் தவறாகப் படாது. தமிழிலேயே கேட்பதானால் பூவைக் கையால் காட்டி "இது என்ன விலை?" என்றால் போதும்.

அதே அம்மாதான் இருந்தார். நடந்ததைத் தெரிந்த தெலுங்கில் சொன்னோம். கேட்டுக்கொண்டே நான்கு முழம் அளந்தவர், ஐந்தாவதாக ஒரு முழம் சேர்த்து அதற்குக் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.