விளம்பரத்தை நிறுத்திவிட்டுத் தூள் விற்ற கதை

எங்கள் வீட்டுக் கறித்தூள் யாவாரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய கடையாகத் தொடங்கியது. இப்போது பாதிக்கு மேல் கூரியரில் போகிறது. சமூக வலைத்தள விளம்பரங்களைத் தம்பி பார்க்கிறான். மாதக் கடைசியில் அவன் காட்டும் ரிப்போட்டைப் பார்த்தால் பத்து ஓடரில் ஆறு விளம்பரத்தால் வந்தது என்று இருக்கும். ஆனால் அந்த ஆறில் மூன்று நான்கு பேரை எனக்கே தெரியும். மூன்று வருடமாக மாதம் தவறாமல் வாங்குகிற ஆட்கள். விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் தளம் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வாங்கப்போகிற ஆளைத் தேடிப் பிடித்து விளம்பரம் காட்டினால் யாருக்குத்தான் நல்ல கணக்கு வராது?

சரி, ஒரு பகுதி ஆட்களுக்கு விளம்பரத்தைக் காட்டாமல் விட்டு, விற்பனை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து இதைச் செய்துதரும் வசதி தளத்திலேயே இருக்கிறது. எங்கள் கணக்கில் அது வரவில்லை. உதவிப் பகுதியில் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் ஒரே இணைப்பைத்தான் அனுப்பினார்கள். அந்த இணைப்பில் போனால் எங்கள் கணக்கில் இல்லாத அதே பட்டனை அமத்தச் சொல்கிறது. ஆகவே ஆட்களைப் பிரிக்காமல் ஊர்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

முதல் முயற்சி படுதோல்வி. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு மட்டும் விளம்பரத்தை நிறுத்தினோம். பார்த்தால் விற்பனை கூடிவிட்டது! "அக்கா, இவ்வளவு நாளும் காசைக் கரியாக்கியிருக்கிறம்" என்று தம்பி தலையில் கைவைத்தான். நாங்கள் நிறுத்திய மாதம் ஆவணி. நல்லூர்த் திருவிழா 25 நாள், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கிலோக் கணக்கில் தூள் கட்டிக்கொண்டு போகிற காலம். அந்த மாதத்தில் கடையைப் பூட்டி வைத்தாலும் கதவைத் தட்டி வாங்குவார்கள்.

இன்னொரு பிழை பிறகுதான் விளங்கியது. ஒரே விளம்பரத்தில் யாழ்ப்பாணத்தை மட்டும் விலக்கினோம், நாள் செலவைக் குறைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டிய காசு மற்ற ஊர்களில் கொட்டப்பட்டது. ஒப்பிட வைத்திருந்த ஊர்களையே நாங்கள் கையால் கெடுத்துவிட்டோம். இதைச் செய்யப்போகிறவர்கள் ஒவ்வொரு ஊர்க் கூட்டத்துக்கும் தனி விளம்பரமும் தனிச் செலவும் வையுங்கள். அப்போது ஒன்றை நிறுத்தினால் அந்தக் காசு உங்கள் கையிலேயே நிற்கும்.

இரண்டாம் முறை யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை ஒரு கூட்டம். வவுனியா, மன்னார், மட்டக்களப்பு மற்றக் கூட்டம். இரண்டுக்கும் தனித்தனி விளம்பரம் ஓடவிட்டு, மாசி பங்குனியில் எட்டு வாரம் ஓடரை மட்டும் கொப்பியில் எழுதினோம். முதல் கூட்டத்தில் 316, மற்றதில் 396. அதாவது அங்கே நூறு வந்தால் இங்கே எண்பது. இந்த எண்பதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து முதல் கூட்டத்துக்கு நிறுத்தினோம். ஆறாம் நாள் ரிப்போட்டை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தால், நிறுத்திய ஊர்களிலும் விளம்பரம் தெரிந்துகொண்டிருக்கிறது. விசாரித்தால், தம்பி போனில் இருந்து பழைய பதிவு ஒன்றை இலங்கை முழுவதற்கும் பூஸ்ட் போட்டிருக்கிறான். "அது சும்மா ஐந்நூறு ரூபாய் அக்கா!" அந்த ஐந்நூறு ரூபாயால் இரண்டு வாரம் வீண். நிறுத்திய பிறகு முதல் வேலையாக இடவாரிக் கணக்கைத் திறந்து, அந்த ஊர்களில் செலவு பூச்சியமா என்று பாருங்கள்.

வைகாசி நடுவில் திரும்பத் தொடங்கினோம். இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். லண்டனில் இருக்கும் மகன் விளம்பரத்தைப் பார்த்து, கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்கு ஓடர் போடுவான். பொதி போகும் ஊர் வேறு, விளம்பரம் தெரிந்த ஊர் வேறு. வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து வந்த ஓடர்களை இரண்டு பக்கத்திலும், பழைய எட்டு வாரத்திலும்கூட வெட்டினோம். மேலே சொன்ன எண்கள் வெட்டிய பிறகு உள்ளவை. கொப்பியை மூன்று இரவு இருந்து திரும்பக் கணக்குப் பார்த்தது நான்.

நான்கு வாரம் முடிய, விளம்பரம் ஓடிய கூட்டத்தில் 205 ஓடர். அப்படியானால் நிறுத்திய கூட்டத்தில் 164 வந்திருக்க வேண்டும். வந்தது 139. இருபத்தைந்து குறைவு. அதே ஊர்களில், நிறுத்துவதற்கு முந்தைய நான்கு வாரத்துக்குத் தளம் உரிமை கொண்டாடியது 96. செலவு 30,000 ரூபாய். தளத்தின் கணக்கில் ஒரு ஓடருக்கு 300 ரூபாய் சொச்சம், என் கணக்கில் 1,200. ஒரு ஓடரில் எங்களுக்கு மிஞ்சுவது 700.

துள்ளிக் குதிக்கத்தான் இருந்தேன். கொழும்பில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் மச்சாள் போனில் அடக்கினாள். மாதம் 160 ஓடர் வருகிற இடத்தில், ஒன்றும் செய்யாமலே 12, 13 ஏறி இறங்கும், அது அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவு. மற்றக் கூட்டத்திலும் அப்படி, எங்கள் எண்பது என்ற அளவுகோலிலும் அப்படி. எல்லாம் சேர்ந்தால் 25 என்பது 40 கூடியும் குறைந்தும் இருக்கலாம். அதாவது விளம்பரத்தால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 65 வரையும் இருக்கலாம். 96 இல்லை என்பதுமட்டும் சொல்லலாம். "மாறிச் செய்து பார், அப்ப அந்த எண்பதில இருக்கிற பிழை ஒண்டையொண்டு வெட்டும்" என்றாள்.

மாற்றினோம். முதல் கூட்டத்துக்கு விளம்பரம், மற்றதுக்கு நிறுத்தம். இங்கே 165 வந்தது, ஆகவே அங்கே 206 எதிர்பார்த்தோம், வந்தது 172. முப்பத்துநான்கு குறைவு. இரண்டு முறையையும் கூட்டினால் 59, இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத் தளம் சொன்னது 213. மச்சாளின் கணக்கில் அந்த 59 என்பது 5 முதல் 113 வரை எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் தளம் சொன்னதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும்.

தம்பிக்கு இன்னும் கோபம். 113 என்றால் இரண்டு கூட்டத்தின் செலவையும் சேர்த்தாலும் ஒரு ஓடருக்கு 600 ரூபாய்கூட இல்லை, இலாபம்தானே என்கிறான். அவன் சொல்வதை என் கொப்பியால் மறுக்க முடியாது. ஆகவே முழுவதையும் நிறுத்தவில்லை. ஏற்கனவே எங்களிடம் வாங்கியவர்களைத் திரும்பத் துரத்தும் விளம்பரத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறோம், ரிப்போட்டில் அதுதான் எப்போதும் முதலிடம். நல்லூர்த் தேர் முடியும்வரை புதிதாக எந்தக் கணக்கும் தொடங்குவதில்லை. தம்பியின் போனில் இருந்து பூஸ்ட் போடும் உரிமையையும் எடுத்துவிட்டேன், அவனுக்கு இன்னும் தெரியாது.