எக்செலில் கேள்விக்குறியைத் தேடுவது

மட்டக்களப்பில் நிவாரண வேலை செய்யும் அலுவலகங்களில் பயனாளர் பட்டியல்தான் பாதி வேலை. வெளிக்கள அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு பட்டியல் எங்களுக்கு வந்தது. முகவரியிலும் பெயரிலும் ஒரே கேள்விக்குறிகள். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி அதைத் துப்புரவாக்க Ctrl+H திறந்து, தேடும் இடத்தில் ? என்று தட்டி, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு, Replace All அழுத்திவிட்டார்.

"அக்கா, ஷீட் முழுக்க வெறுமையாப் போயிட்டு!"

எக்செலுக்கு ? என்பது கேள்விக்குறி அல்ல, "ஏதாவது ஓர் எழுத்து" என்று பொருள். அதை வெறுமையாக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாக எல்லாம் போகும். தலைப்புக்கும் அதே கதிதான். * என்பது "எத்தனை எழுத்தானாலும்". உண்மையான கேள்விக்குறி வேண்டுமானால் முன்னால் அலைக்குறி போட்டு ~? என்று தட்ட வேண்டும். Ctrl+Z கொடுத்ததும் பட்டியல் திரும்பி வந்தது. சேமித்து மூடியிருந்தால் வேறு கதை.

சரி, ~? தெரிந்துவிட்டது, இனி அழிக்கலாமா? இங்கேதான் நான் அவரை நிறுத்தினேன். அந்தப் பட்டியலில் இரண்டு வகைக் கேள்விக்குறிகள் இருந்தன. பெயர்களில் இருந்தவை, தமிழ் எழுத்துகளைத் தாங்காத சாதாரண CSV ஆகச் சேமித்ததால் வந்தவை. "மட்டக்களப்பு" என்ற சொல் அப்படிச் சேமித்தால் 12 கேள்விக்குறிகளாக மாறும். கண்ணுக்கு 8 எழுத்துத்தான், ஆனால் கணினி புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மாறிய பிறகு அதற்குள் எந்த எழுத்தும் இல்லை. அழித்தாலும் விட்டாலும் பெயர் கிடைக்காது. அழித்தால் பெயர் தொலைந்த அடையாளமும் சேர்ந்து போகும். மூலக் கோப்பை "CSV UTF-8 (Comma delimited)" ஆகச் சேமித்து மீண்டும் அனுப்பச் சொன்னோம், அவ்வளவுதான்.

மற்ற வகை, வெளிக்கள உத்தியோகத்தர் சந்தேகத்தோடு போட்டவை. வீட்டு இலக்கப் பத்தியில் "12/3?" என்று இருக்கும். கேள்விக்குறியை மட்டும் எடுத்தால், எக்செல் மிஞ்சியதைப் புதிதாகத் தட்டியதுபோல் வாசித்து 12/3 ஐத் திகதி ஆக்கிவிடும். அந்த வீட்டை ஏறாவூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே அந்தப் பத்தியை மட்டும் தெரிந்தெடுத்து, ~? ஐ " - சரிபார்க்க" என்று மாற்றினோம். எழுத்து சேர்ந்திருப்பதால் திகதியாகவில்லை. குறியை எடுக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்துப் பத்தியில் இது போதும். இது கேள்விக்குறியைக் கேள்விக்குறியாகவே பார்க்கும், விடையும் எழுத்தாகவே இருக்கும்:

```
=SUBSTITUTE(C2,"?","")
```

வயல் பரப்புப் பத்தியில் "~2 ஏக்கர்" போன்றவையும் இருந்தன. அலைக்குறியே எக்செலின் விலக்குக் குறி என்பதால் தனியாக ~ தட்டினால் அகப்படாது. ~~ என்று இரண்டு தட்ட வேண்டும். கண்முன்னால் இருப்பதை "இல்லை" என்று எக்செல் சொல்லும்போது பலர் கோப்பு பழுது என்றே நினைப்பார்கள்.

அன்றைக்கு வந்த இன்னொரு சிக்கலுக்கும் குறிகளுக்கும் சம்பந்தமில்லை. பிரதேச செயலகப் பத்தியில் சிலர் "மண்முனை தென்" என்று சுருக்கி எழுதியிருந்தார்கள். முழுப் பெயரான "மண்முனை தென் எருவில் பற்று" ஆக்க வேண்டும். அப்படியே மாற்றினால் "மண்முனை தென்மேற்கு" என்பது "மண்முனை தென் எருவில் பற்றுமேற்கு" ஆகும். இந்த இரண்டு பிரிவுகளுக்கும் உரிய களுவாஞ்சிகுடியும் கொக்கட்டிச்சோலையும் ஒரே குழப்பத்தில் விழும். ஏற்கெனவே சரியாக எழுதியவற்றில் "எருவில் பற்று" இரண்டு முறை வரும். Options திறந்து Match entire cell contents ஐத் தெரிவு செய்தால், கட்டத்தில் அந்தச் சுருக்கம் மட்டுமே இருக்கும் இடங்கள்தான் மாறும். கடைசியில் இடைவெளி தட்டப்பட்ட கட்டங்கள் அப்போது தப்பிவிடும். அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது Replace All தொடுவதற்கு முன் Find All அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். கீழே ஒவ்வொரு கட்டமும் அதன் உள்ளடக்கத்தோடு வரும், எத்தனை என்ற எண்ணும் வரும். ? தட்டியபோது அந்த எண்ணைப் பார்த்திருந்தால், நிரம்பிய கட்டம் எல்லாம் பட்டியலில் நிற்பது தெரிந்திருக்கும். Within என்ற இடத்தில் Sheet இருக்கிறதா, Workbook இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். Workbook என்றால் நீங்கள் திறந்து பார்க்காத மற்றத் தாள்களிலும் மாற்றம் போகும்.

இந்தத் தெரிவுகளை எக்செல் மூடும்வரை ஞாபகம் வைத்திருக்கும். காலையில் போட்ட Match entire cell contents மாலையிலும் அப்படியே நிற்கும். "களுவாஞ்சி" என்று பாதிப் பெயரைத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது அந்தச் சின்னப் பெட்டியைத்தான்.