தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்: ஸ்பானிஷ் பி2 தேர்வுக்குப் படித்த அனுபவம்

ஸ்பானிஷ் மொழித் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வின் பி2 நிலைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் இருக்கும் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாள். நான் அவளுக்கு ஆங்கிலம், அவள் எனக்கு ஸ்பானிஷ் என்று வாரம் ஒருமுறை பேசிக்கொள்வோம். வரி இதுதான்: "தெஹே லா போலேரா என் லா மிக்ரோ, போர்கே இபா கோன் லா குவாகுவா என் பிராசோஸ்."

ஸ்பெயினில் அச்சான பாடநூலை வைத்துப் படித்த எனக்கு இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. போலேரா பாவாடை, மிக்ரோ மைக், குவாகுவா பஸ், பிராசோஸ் கைகள். ஆக, பஸ்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு போனதால் பாவாடையை மைக்கில் விட்டுவிட்டாளாம். அவள் எழுதியதோ வேறு: "கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதால் டி-ஷர்ட்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்."

அன்று மாலை முழுக்க அந்த ஒரே வரியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் படித்த முறையே அதனால் மாறிப்போனது.

முதலில் குவாகுவா. கேனரி தீவுகள், கியூபா, டொமினிகன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் அது பஸ். சிலியில் கைக்குழந்தை, ஆண்டிஸ் மலைப்பகுதியின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல். எனக்குத் துப்பு கண்ணெதிரிலேயே இருந்தது: "கைகளில்" என்ற சொல். பஸ்ஸை யாரும் கையில் தூக்க மாட்டார்கள். இரண்டாவது மிக்ரோ. ஸ்பெயினில் மைக்குக்கு ஆண்பால், "எல் மிக்ரோ". சிலியின் நகரப் பஸ்ஸுக்குப் பெண்பால், "லா மிக்ரோ". அவள் "லா" என்றுதான் எழுதியிருந்தாள். அந்தச் சின்னச் சொல்லை நான் தாண்டிப் போய்விட்டேன். இதே "எல் மிக்ரோ" அர்ஜென்டினாவில் வெளியூர்ப் பஸ்ஸாகவும் இருக்கும் என்பதால், பால் மட்டும் பார்த்தால் போதாது. எந்த நாட்டுக்காரர் பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

போலேராவில் தப்பு முழுக்க என்னுடையது. ஒரு எல் எழுத்து இருந்தால் போலேரா, சிலியில் டி-ஷர்ட். இரண்டு எல் இருந்தால் உச்சரிப்பு போயேரா, அதுதான் பாவாடை. ஸ்பெயினில் அதை ஃபால்தா என்பார்கள். புவெனோஸ் அய்ரெஸில் போயேரா "போஷேரா" என்று ஒலிக்கும். காதில் கேட்டிருந்தால் குழம்பியிருக்க மாட்டேன், கண்தான் ஏமாந்தது. அர்ஜென்டினாவுக்குப் போனால் ஒற்றை எல் போலேராவும் மாறி, கழுத்து மூடிய ஸ்வெட்டர் ஆகிவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதுவரை என் நோட்டில் நீளமான பட்டியல்கள் இருந்தன. டி-ஷர்ட்டுக்கு ஸ்பெயினில் காமிசேதா, மெக்சிகோவில் பிளாயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா என்று. அவற்றை மனப்பாடம் செய்வதில் நேரம் போனதே தவிரப் பெரிய பலன் இல்லை. ரெமேரா என்று காதில் விழுந்தால் தெரியாத சொல் என்பது உடனே தெரிந்துவிடும். பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிப்போம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது சந்தேகமே வராது. அதனால் ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறவற்றுக்கு மட்டும் தனிப் பக்கம் போட்டேன். இரண்டு மாதத்தில் நாற்பது சொல்கூடச் சேரவில்லை. அவ்வளவு போதும்.

அந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தவை சாப்பாட்டுச் சொற்கள். தோர்த்தியா ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட தடித்த ஆம்லெட். மெக்சிகோவில் சோள மாவு ரொட்டி. தோர்த்தா மெக்சிகோவில் பன்னுக்குள் கறி வைத்த சாண்ட்விச். அர்ஜென்டினாவில் பிறந்தநாள் கேக். தின்தோ என்று கேட்டால் ஸ்பெயினில் சிவப்பு ஒயின் வரும், கொலம்பியாவில் பால் சேர்க்காத காப்பி வரும். காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் தின்தோ குடித்ததாக ஒருவர் சொன்னால் அவரைக் குடிகாரர் என்று நினைக்க வேண்டாம், கொலம்பியாக்காரராக இருப்பார்.

காய்கறிப் பெயர்களில் பொருள் பெரும்பாலும் மாறுவதில்லை, பெயர்தான் மாறும். அங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. மெக்சிகோவின் சொற்கள் நவாட்டில் மொழியிலிருந்தும், ஆண்டிஸ் பகுதியின் சொற்கள் கெச்சுவாவிலிருந்தும் வந்தவை. அவகாடோ மெக்சிகோவில் அகுவாகாத்தே, பெருவிலும் சிலியிலும் பால்தா. சோளக்கதிர் மெக்சிகோவில் எலோத்தே, பெருவில் சோக்லோ. இரண்டு கூடையாகப் பிரித்து வைத்தால் நினைவில் நிற்கும். இது முழுக்கப் பொருந்தாது. கொலம்பியாவிலும் அகுவாகாத்தேதான், ஸ்பெயினிலும் அதேதான்.

அப்புறம் வேலையிடத்தில் நடந்தது. மெக்சிகோ குழுவோடு காலைக் கூட்டம். ஒருவர் தாமதமாக வந்து, "நோ பசோ எல் காமியோன்" என்றார். "லாரி வரவில்லை" என்று குறிப்பெடுத்துக்கொண்டு, "லாரியில் என்ன சரக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி, பிறகு சிரிப்பு. மெக்சிகோவில் ஊருக்குள் ஓடும் பஸ்ஸும் காமியோன்தான். இங்கேயும் துப்பு வினைச்சொல்லில் இருந்தது: பசோ என்றால் "கடந்து போனது". நிறுத்தத்தில் நிற்கிறவர்தான் அப்படிச் சொல்வார்.

தேர்வில் இதற்கு எவ்வளவு இடம்? கேட்டல் பகுதி 40 நிமிடம், ஒலிப்பதிவுகள் இரண்டு முறை ஒலிக்கும், பல நாட்டுக் குரல்கள் வரும். கேட்டலும் பேச்சும் சேர்ந்த பிரிவில் 50க்கு 30 வாங்காவிட்டால், வாசிப்பும் எழுத்தும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேர்ச்சி இல்லை. ஆனால் கேள்விகள் வட்டாரச் சொல்லைப் பிடித்துச் சோதிப்பதில்லை. ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டு, முழு உரையாடலையும் அதற்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அதனால் முதல் முறை ஒலிக்கும்போது பேசுகிறவர் எந்த ஊர் என்று மட்டும் பிடிக்கப் பழகினேன். "நீங்கள்" என்பதற்கு வோசோத்ரோஸ் வந்தால் ஸ்பெயின். "நீ" என்பதற்கு வோஸும் கூடவே ஷகர ஒலியும் வந்தால் அர்ஜென்டினா அல்லது உருகுவே. வாக்கியத்தின் கடைசியில் "போ" ஒட்டிக்கொண்டால் சிலி. ஊர் பிடிபட்டால் காமியோன் எது, மிக்ரோ எது என்பது தானாகத் தெளியும்.

பேசவும் எழுதவும் எந்த நாட்டு வழக்கையும் கையாளலாம், கலக்காமல் இருந்தால் சரி. நான் ஸ்பெயின் வழக்கிலேயே நின்றேன், ஒரு விலக்குடன். பஸ் பிடிப்பதற்கு ஸ்பெயினில் கொஹேர் என்பார்கள். அதே சொல் அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் பச்சையான கெட்ட வார்த்தை. தோமார் என்று சொன்னால் இரண்டு பக்கமும் புரியும், யாருக்கும் முகம் சிவக்காது. ஸ்பெயின்காரரான என் ஆசிரியர் மட்டும், "பஸ் ஏறும்போது மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டிவிடுகிறாய்" என்று இன்னும் கேலி செய்கிறார்.