மாமியாரின் பல்வலி

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. சிடுமூஞ்சியாக இருந்தால் "வேலை இருக்கு சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இவர் சாயங்காலம் ஆறரைக்கு என் மேஜைப் பக்கம் வந்து, மேஜையை இரண்டு தட்டு தட்டி, "வாப்பா, ஒரு பரோட்டா சாப்பிட்டுட்டுப் போயிடலாம்" என்பார். பில்லை ஒருநாளும் நம்மைத் தொட விடமாட்டார்.

அவர் குடும்பம் கோயம்புத்தூரில். பையன் பிளஸ் டூ என்பதால் யாரும் சென்னைக்கு வரவில்லை. இவர் கிண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால் சுவரும் டிவியும்தான். அதனால் அவர் கணக்கில் ஒரு பரோட்டா என்பது மூன்று மணி நேரம். முதலில் பரோட்டா, பிறகு ஒரு முட்டை தோசை, பிறகு அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கதை, கடைசியில் பீடா.

நான் இருப்பது கூடுவாஞ்சேரி. ஏழு மணி சுமாருக்கு கிண்டிக்கு வரும் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தால் எட்டு மணிக்குள் வீடு. அதை விட்டால் வருவதெல்லாம் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியாகவே வரும். இந்தத் தடத்தில் போய்வருகிறவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். பெண் மூன்றாம் வகுப்பு. ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவாள். வாரத்தில் இரண்டு பரோட்டா என்றால், அந்த இரண்டு நாளும் அவள் தூங்குகிற முகத்தைத்தான் பார்ப்பேன்.

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்ணைப் பார்க்கணும் என்று சொன்னால் குடும்பத்தைவிட்டுத் தனியாக இருக்கிற மனிதருக்குக் குத்திக்காட்டுவது போல இருக்குமோ என்று ஒரு தயக்கம். இன்கிரிமெண்ட் மாதம் வேறு. ஆகவே காரணங்கள் தயாரித்தேன்.

முதல் காரணம், "இன்னைக்கு வியாழக்கிழமை சார், நான்வெஜ் கிடையாது." அவர் முகம் மலர்ந்தது. "அட, சொல்லக் கூடாதா? சைவ ஹோட்டலுக்கே போவோம்!" அன்று நெய் ரோஸ்ட். வீடு வந்தபோது மணி பத்தரை.

அடுத்த வாரம், "டிரெயினை விட்டா கஷ்டம் சார்." அதற்கு, "ஸ்டேஷன்ல நானே வண்டில கொண்டு விடுறேன்." விட்டார். பத்து மணிக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும். அவரால் தீர்த்துவைக்கக் கூடிய எதைச் சொன்னாலும் அது மறுப்பு ஆகாது. அவருக்கு அது ஒரு வேலை. இருபத்தைந்து வருஷமாக இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்? ஆனால் எனக்கு உறைக்கவில்லை. அவரால் தீர்க்க முடியாத காரணமாகத் தேடினேன். கிடைத்தது மாமியாரின் பல்.

"மாமியாருக்குக் கடைவாய்ப் பல் சார். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"அடடா, போப்பா, முதல்ல போ" என்றார். ஏழு மணி வண்டியில் ஜன்னலோரம் இடமே கிடைத்தது. அன்று மூன்றாம் வாய்ப்பாடு வரை பெண்ணோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, "பல்லு எப்படிப்பா இருக்கு?" நான் என் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுதாரித்தேன். அதற்கடுத்த நாள் கிராம்புத் தைலம் ஒரு குப்பி கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் நம்பர் வந்தது. வேர்ச் சிகிச்சை என்றேன், நாலு தடவை போகணும் என்றேன். பொய்யைப் பராமரிப்பது செகண்ட்ஹேண்ட் வண்டி வைத்திருப்பது மாதிரி, வாங்கின விலையைவிட ரிப்பேருக்குத்தான் அதிகம் போகும்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. "இன்னைக்கு உன்னை நானே வீட்ல விடுறேன். அம்மாவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுறேன்." என்ன சொல்லியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜிஎஸ்டி ரோடு, ஊருக்குப் போக கிளாம்பாக்கம் பஸ் நிலையம் நோக்கி ஓடுகிற மொத்தச் சென்னை, அதற்கு நடுவே நாங்கள். பெருங்களத்தூரில் மட்டும் நாற்பது நிமிஷம். மனைவிக்கு மெசேஜ் போடலாம் என்றால் வழி காட்ட என் போனைத்தான் முன்னால் மாட்டியிருக்கிறார்.

கதவைத் திறந்தால் கூடத்தில் மாமியார், மடியில் டப்பா, கையில் முறுக்கு. கடுக் கடுக்கென்று சத்தம். சார் கையெடுத்துக் கும்பிட்டு, "பல்லு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்.

மாமியார் முறுக்கைக் கீழே வைத்தார். "எந்தப் பல்லு தம்பி? எனக்குப் பல்லு போயி ஆறு வருஷம் ஆச்சு. இது செட்டு." சொன்னதோடு விட்டிருக்கலாம். கழற்றியும் காட்டினார்.

சார் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்துவிட்டாள். நாலு முறுக்கும் ஒரு டம்ளர் காபியும் சாப்பிட்டு, கிளம்பும்போது படியில் நின்று கேட்டார். "வர இஷ்டமில்லைன்னா சொல்லியிருக்கலாமேப்பா."

"இஷ்டமில்லாம இல்ல சார். இவ ஒன்பது மணிக்குத் தூங்கிடுவா." அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் இவ்வளவு சின்னது. அவர் தலையாட்டினார். "என் பையன் பத்து மணி வரைக்கும் முழிச்சிருந்து போன்ல பேசுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஆறரைக்கு மேஜையைத் தட்டும் வரை காத்திருப்பதில்லை. அந்த நேரத்தில் நாலு பேர் முன்னால் வரவில்லை என்றால் அவருக்குத்தான் சங்கடம், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். காலையிலேயே, தனியாக, "சார், இன்னைக்கு வீட்டுக்குப் போயிடுறேன்" என்று சொல்லிவிடுகிறேன். குரூப்பில் எழுதுவதில்லை. கூடவே ஜோடிக்கக் கதையும் கிடையாது. கதை நீண்டால்தானே அதில் அவர் கையை விட இடம் இருக்கும்?

ஆனால் வெறும் மறுப்பாகவும் விடுவதில்லை. நாலு மணி டீக்கு நானே போய் அவர் மேஜையைத் தட்டுகிறேன். இருபது நிமிஷம், இரண்டு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி. காசு நான் கொடுக்கிறேன், அதற்கு ஒரு சண்டை நடக்கும். மூன்று மணி நேரக் கதையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. மாதக் கடைசி வெள்ளி முழுசாக அவருக்கு. அன்றைக்கு வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுவேன், கைக்கடிகாரத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் வந்ததே வீண்.

நடுவில் ஒரு வாரம் அவர் யாரையும் கூப்பிடவில்லை. நமக்குக் கோபமோ என்று பயந்துபோய்க் கேட்டால், வயிறு சரியில்லையாம்.

போன மாதக் கடைசி வெள்ளி. பரோட்டா முடிந்து முட்டை தோசைக்கு வந்திருந்தோம். திடீரென்று அவரே போனை எடுத்துப் பார்த்து, "எழுந்திரு, எழுந்திரு, செங்கல்பட்டு வண்டி வருது. அவசரத்துல தாம்பரம் வண்டில ஏறித் தொலைக்காதே" என்றார். கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். அல்வா. "அம்மாவுக்கு. மெல்ல வேண்டியதில்ல."

வீட்டில் மாமியார் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, முறுக்கு கிடைக்கலியாமா?" என்றார்.