பதினான்கு ஸ்லைடுக்கும் ஒரே தலைப்பு

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், மாதாந்திர தரக் கூட்டத்துக்கான ஸ்லைடுகளைத் தொகுப்பது என் வேலை. கட்டிங், தையல், பேக்கிங் என்று ஆளுக்கொரு ஃபைல் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒரே பவர்பாயிண்ட்டில் ஒட்டியதும் ஸ்லைடின் அழகைப் பார்ப்பதற்கு முன்பே `View` போய் `Outline View`-ஐ அழுத்திவிடுவேன். தொகுப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை அந்த இடது பட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஒரு மாதம் அதில் வந்தது இப்படி: பதினான்கு ஸ்லைடுக்கு "ரிஜெக்‌ஷன் அனாலிசிஸ்", நாலைந்துக்கு "தொடர்ச்சி", மற்றவற்றில் பலவற்றுக்கு எண்ணும் குறியும் மட்டும், பக்கத்தில் ஒன்றுமில்லை. ஸ்லைடைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில் தலைப்பு கொட்டை கொட்டையாக இருக்கிறது! ஆனால் அது டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்தது. கண்ணுக்குத்தான் அது தலைப்பு. லேஅவுட்டோடு வரும் தலைப்புப் பெட்டியில் எழுதியதை மட்டும்தான் பவர்பாயிண்ட் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். வெற்று லேஅவுட்டில் ஆரம்பித்தவர்களுக்கும், "இது எதற்கு" என்று அந்தப் பெட்டியை அழித்தவர்களுக்கும் இதுதான் நடக்கும்.

சரிசெய்வது சுலபம். `Home`-இல் `Layout` போய் `Title Only` கொடுத்தால் காலியான தலைப்புப் பெட்டி வரும். டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதை வெட்டி அதில் ஒட்டிவிட்டு, பழைய பாக்ஸை மறக்காமல் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஒரே வரியை இரண்டு முறை படிக்கும். எங்கள் தணிக்கைப் பிரிவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்து வேலை செய்கிறார். இடது பக்கச் சிறு படங்களில் அம்புக்குறியால் இறங்கும்போது அவர் காதில் விழுவது ஸ்லைடு எண்ணும் தலைப்பும்தான். பதினான்கு முறை "ரிஜெக்‌ஷன் அனாலிசிஸ்" என்று கேட்டால் அவர் எங்கே நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? "சார், எது தையல், எது பிரிண்டிங்னு ஒவ்வொண்ணா உள்ளே போய்த்தான் பார்க்கணும்" என்றார்.

அடுத்து, பெயர்களைப் பிரிப்பது. `Review`-இல் `Check Accessibility` ஓட்டினால் தலைப்பில்லாத ஸ்லைடையும், ஒரே தலைப்புள்ள ஸ்லைடுகளையும் பட்டியல் போடும். ஆனால் அதை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். "ரிஜெக்‌ஷன் 1", "ரிஜெக்‌ஷன் 2" என்று மாற்றினால் வாயை மூடிக்கொள்ளும். படிப்பவருக்கு மட்டும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் எது வேறுபடுகிறதோ அதைத் தலைப்பின் முதலில் வைத்தேன். "லைன் 3: தோள் தையல் விலகல்", "லைன் 5: கழுத்துப் பட்டையில் எண்ணெய்க் கறை", "பிரிண்டிங்: துவைத்தபின் நிறம் மங்கல்". "தொடர்ச்சி" என்று இருந்த ஸ்லைடுகளில் ஒன்று உண்மையில் காரணங்களைச் சொன்னது, இன்னொன்று எடுத்த நடவடிக்கையை. அவை "லைன் 3: காரணம்", "லைன் 3: மாற்றிய ஊசியும் மறுசோதனையும்" ஆயின. இதைச் செய்யும்போதுதான் இரண்டு ஸ்லைடுகள் ஒரே விஷயத்தைச் சொல்வது தெரிந்தது. ஒன்றைத் தூக்கிவிட்டோம்.

துணியின் படம் மட்டுமே நிறைந்த ஸ்லைடுகளில் தலைப்பு படத்தை மறைக்கும் என்று டிசைனர் முணுமுணுத்தார். அதற்கு `Check Accessibility`-க்குப் பிறகு வரும் தாவலில் `Slide Title` என்பதன் கீழே `Add Hidden Slide Title` இருக்கிறது. பெட்டி ஸ்லைடின் எல்லைக்கு வெளியே போய் உட்காரும். திரையில் தெரியாது, அவுட்லைனில் தெரியும்.

தமிழ் ஸ்லைடுகளில் மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. பாதுகாப்புப் பயிற்சிக்கான பழைய ஸ்லைடுகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. தலைப்புப் பெட்டியில் ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் அவுட்லைன் பட்டி வழக்கமாக எழுத்துருவைக் காட்டாது. உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே காட்டும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான் என்பதால், தமிழ் என்ற சொல்லே `jkpo;` என்றுதான் வரும். வலது கிளிக்கில் `Show Text Formatting` போட்டால் பட்டியில் சரியாகிவிட்ட மாதிரித் தெரியும். `Ctrl+K` அழுத்தி லிங்க் கொடுக்கும்போது வரும் ஸ்லைடு பட்டியலிலும் என்விடிஏ வாயிலும் குப்பை குப்பையாகவே இருக்கும். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லாதபோது தலைப்புகளை மட்டுமாவது முதலில் மாற்றிவிடுகிறேன்.

இப்போது கூட்டத்தில் யாராவது "அந்த லைன் 5 கறையைத் திரும்பக் காட்டுங்க" என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஷோவிலேயே `Ctrl+S` அழுத்துகிறேன். தலைப்புகளின் பட்டியல் வருகிறது. தேர்ந்தெடுத்தால் நேரே அந்த ஸ்லைடு.