வேப்பமரச் சீப்பு பூச்சிமருந்து ஆன கதை

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் ஒரு இணையச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்த என் வேப்பமரச் சீப்பின் பக்கத்தை அந்தச் சந்தைக்காரர்கள் எடுத்துவிட்டார்களாம். காரணம் என்ற இடத்தில் "பூச்சிக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிக் கருவிகளும்" என்று இருந்தது. வேறு யாருக்கோ போக வேண்டியது நமக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தலை சீவுகிற சீப்பு அது, எங்கள் ஊர் ஆசாரி அண்ணன் கையால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது. அதில் மருந்து எங்கே இருக்கிறது?

அப்போது அவர்கள் கிடங்கில் 212 சீப்பு கிடந்தது. அனுப்பியது 240, விற்றது 28. பக்கம் இல்லாவிட்டாலும் கிடங்கு வாடகை ஓடும். அந்தப் பதற்றத்தில் நான் செய்த முதல் தவறு, அறிவிப்பை முழுசாகப் படிக்காமல் மேல்முறையீடு பட்டனை அழுத்தியது. "இது மரச் சீப்பு, பூச்சிமருந்து இல்லை, மறுபடி பாருங்கள்" என்று உருக்கமாக ஒரு பத்தி எழுதினேன். ஆறு மணி நேரத்தில் நிராகரிப்பு. உதவி எண்ணில் பேசிய பெண் நல்லவர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "பாலிசி டீம்தான் பார்க்கணும் மேடம்" என்றார். எந்த வார்த்தை தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்டேன், அதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். அந்த வார்த்தையை நாம்தான் தேட வேண்டும்.

சரி, அவர்களுக்குப் புரியும்படி பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று விவரத்தின் கடைசியில் "இது பூச்சிக்கொல்லி அல்ல" என்று ஒரு வரி சேர்த்தேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைப்பு. அதற்கு முன்பு பக்கம் முடங்கித்தான் இருந்தது, அந்த வரிக்குப் பிறகு அதே அறிவிப்பில் இரண்டாவது மீறல் என்று இன்னொரு வரி கூடிவிட்டது. வடிகட்டுகிற இயந்திரத்துக்கு "அல்ல" தெரியவில்லை, "பூச்சிக்கொல்லி" தெரிகிறது. தயவு செய்து யாரும் அப்படி எழுதாதீர்கள்.

விஷயத்தை எனக்குப் புரியவைத்தது கும்பகோணத்தில் செம்புப் பாத்திரம் ஏற்றுமதி செய்யும் ஒரு தம்பி. "அக்கா, நீங்க விக்கிற பொருளை அவங்க பார்க்கலை, அது என்ன செய்யும்னு நீங்க சொல்றதைத்தான் பார்க்கறாங்க" என்றார். அவருடைய செம்புத் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இதே கதை நடந்ததாம். அமெரிக்காவில் பூச்சிமருந்துகளுக்கு 1947-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது, அதை நடத்துவது அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அந்தச் சட்டத்தில் "பூச்சி" என்றால் கொசு, கரப்பான் மட்டும் இல்லை, பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாமே அதில் அடக்கம். அவற்றைக் கொல்லும், தடுக்கும், விரட்டும் என்று சொல்லி எதை விற்றாலும் பொதுவாகப் பதிவு எண் வேண்டும். செம்பு கிருமியைக் கொல்லும் என்பது நம் பாட்டிக்கே தெரியும், ஆனால் அங்கே அதைச் சொல்வதற்காகச் செம்புத் தொழில்துறையினர் சோதனை முடிவுகளோடு போய் 2008-இல் செம்பு உலோகக் கலவைகளைப் பதிவு செய்தார்கள். பதிவு இல்லாமல் நானும் அவரும் சொன்னால் பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

என் தலைப்பில் முதல் வார்த்தையே ஆன்டிபாக்டீரியல். அதை எடுத்தேன். எடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சீப்பில் கிருமி தங்காது என்பதுதானே பிரச்சினை, தலையைப் பற்றிச் சொன்னால் சரியாகிவிடும் என்று "தலைச்சரும பூஞ்சையைக் குறைக்கும், பொடுகு போகும்" என்று மாற்றி எழுதினேன். மறுநாள் பூச்சிக்கொல்லி அறிவிப்பு போய்விட்டது! அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அதே இடத்தில் "அனுமதி பெறாத மருந்து" என்று புது அறிவிப்பு.

இங்கேதான் எனக்கு உறைத்தது. அந்தப் பூச்சிமருந்துச் சட்டம், மனிதர் உடம்பின் மேலோ உள்ளேயோ இருக்கும் கிருமிகளை விட்டுவிடுகிறது, அவை உணவு மருந்துத் துறையின் பக்கம். சீப்பின் மேல் இருக்கும் பாக்டீரியாவைப் பற்றிச் சொன்னால் பூச்சிமருந்து, தலையின் மேல் இருக்கும் பூஞ்சையைப் பற்றிச் சொன்னால் மருந்து. பேனும் அப்படித்தான், தலையில் இருந்தால் அது மருந்துக்காரர்கள் கணக்கு. கிருமி எங்கே உட்கார்ந்திருந்தாலும் ஒரு துறை காத்திருக்கிறது. ஆகவே வார்த்தையை நாசூக்காக மாற்றிப் பயனில்லை, கிருமி, பூஞ்சை, பேன், பொடுகு என்ற பேச்சையே விட வேண்டும்.

நடுவில் இன்னொரு வீண் அலைச்சல். பூச்சிமருந்து விற்க அந்தச் சந்தைக்காரர்களே ஒரு பயிற்சியும் தேர்வும் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து படித்துத் தேறிவிட்டேன். தேறினதும் அடுத்த கட்டம் திறந்தது, "பதிவு எண்ணை உள்ளிடவும்" என்று. இல்லாத எண்ணை எங்கே போய் உள்ளிடுவது. உங்கள் பொருள் உண்மையில் பூச்சிமருந்தாக இருந்தால்தான் அந்தத் தேர்வு உதவும்.

அப்புறம்தான் நிதானமாக வேலையைத் தொடங்கினேன். திரையில் தெரிவதை மட்டும் திருத்துவதை நிறுத்திவிட்டு, விற்பனையாளர் கணக்கிலிருந்து என் பொருளின் முழுத் தரவையும் விரிதாளாக இறக்கினேன். அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நெடுவரிசையாக வரும், வாங்குபவருக்குத் தெரியாத கட்டங்கள் உட்பட. ஒரு தாளில் சந்தேகமான சொற்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். தேடும்போது முழுச் சொல்லைத் தட்டாதீர்கள், "பாக்ட்", "ஃபங்", "மோல்ட்", "ரெபெல்", "ஜெர்ம்" என்று துண்டு துண்டாக ஆங்கிலத்தில் தட்டுங்கள், அப்போதுதான் நடுவில் கோடு போட்டு எழுதியதும் பன்மையில் எழுதியதும் மாட்டும்.

மாட்டியது மூன்று. ஒன்று, மறைவாக இருக்கும் தேடுசொல் கட்டம். பக்கம் தொடங்கிய நாளில் யாரோ சொன்னார்கள் என்று பேன், பொடுகு, பூஞ்சை எதிர்ப்பு எல்லாவற்றையும் அங்கே கொட்டியிருந்தேன், மறந்தே போய்விட்டது. இரண்டு, "சிறப்பம்சம்" என்ற கட்டம், அதில் கீழிறங்கும் பட்டியலில் இருந்து நானே ஆன்டிமைக்ரோபியல் என்று தேர்ந்தெடுத்திருக்கிறேன். பட்டியலில் அவர்களே கொடுத்த சொல்தானே, அது எப்படித் தப்பாகும் என்று இன்னமும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மூன்றாவது பராமரிப்புக் குறிப்பு. "கழுவித் துடைத்து வையுங்கள், இந்த மரத்தில் இயற்கையாகவே பூஞ்சை பிடிக்காது." இதில் கூடவா? பொருளையே பாதுகாக்கும் மருந்து ஏற்றிய சாமான்களுக்கு ஒரு விலக்கு உண்டு என்று படித்தேன். ஆனால் அந்த விலக்கு, பதிவு பெற்ற மருந்தில் நனைத்து எடுத்தால்தான். மருந்தில் நனைத்த மரம் என்றால் "மரத்தைப் பூஞ்சையிலிருந்து காக்கும்" என்று சொல்லலாம், ஒன்றுமே போடாத வெறும் வேப்பமரம் என்றால் சொல்லக் கூடாது. ஆசாரி அண்ணனிடம் இதை விளக்கினேன். சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப விஷம் தடவிக் கொடுத்தா வாங்கிக்குவானா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு தலைப்பு இப்படி ஆனது:

```
பழையது: Antibacterial Neem Wood Comb, Anti-Dandruff, Lice Removal
புதியது: Neem Wood Comb, Wide Tooth, Handmade, 18 cm, for Thick and Curly Hair
```

எழுதும்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்த வரியை அளவுகோல் வைத்தோ கையால் தொட்டோ சரிபார்க்க முடியுமா? பல் இடைவெளி 4 மில்லிமீட்டர், பல்லின் நுனி உருட்டப்பட்டது, தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் சீப்பை விட முடி சிலிர்த்து நிற்பது குறைவு. இவை எல்லாம் சரி. முடி வளரும், ரத்த ஓட்டம் கூடும் என்பவை வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பக்கம் வரவில்லை. சொற்களில் ஒன்றும் இல்லை, பத்து தடவை தேடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது நான்காவது படத்தில், பெட்டியின் பின்பக்கத்தில், பச்சை எழுத்தில் "ஜெர்ம் ஷீல்டு" என்று சிரித்துக்கொண்டிருந்தது. அச்சகத்தில் வடிவமைத்த பையன் அழகுக்காகச் சேர்த்த வரி, நானும் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

படத்தை எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தப் பெட்டிதான் கிடங்கில் 212 எண்ணிக்கையில் கிடக்கிறது. அந்தச் சட்டத்தில் பெட்டியில் அச்சடித்ததும் விளம்பரத்தில் எழுதியதும் ஒன்றுதான், பக்கத்தைச் சுத்தமாக்கிவிட்டு அதே பெட்டியை அனுப்பினால் மறுபடியும் சிக்கல். ஆகவே காசு கட்டி எல்லாவற்றையும் நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்கு வரவழைத்தேன். அவளும் அவள் பையனும் இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து அந்த வரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். "அக்கா, அடுத்த தடவை பெட்டியே இல்லாம அனுப்பு" என்றாள். அந்தப் போக்குவரத்துச் செலவில் இந்தச் சீப்பின் லாபம் முழுவதும் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் கையிலிருந்தும் போனது.

இரண்டாவது மேல்முறையீட்டில் உருக்கம் எதுவும் இல்லை. எந்தெந்தக் கட்டத்தில் எந்தச் சொல் இருந்தது, என்ன மாற்றினேன், பெட்டியின் புதுப் படம் இதோ என்று ஏழே வரி. மறுநாள் காலையில் பக்கம் வந்துவிட்டது, எடுத்ததிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்றாவது நாள்.

போன வாரம் வாங்குபவர் ஒருவர் கேள்வி கேட்டிருந்தார், வேப்பமரம் கிருமியைக் கொல்லுமாமே, உண்மையா என்று. நாம் எழுதும் பதிலும் நம் விளம்பரம்தான், அதுவும் கணக்கில் வரும். கை துறுதுறுவென்றது. "இது வேப்பமரத்தில் செய்தது, நீளம் 18 சென்டிமீட்டர்" என்று பதில் போட்டேன்.